பிறைக்கு ஃபிரிட்ஜ், பருவத்திற்கு அலமாரி

ரமழான் நெருங்கினால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் வீடுகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. மின்விசிறி, அலமாரி, ஃபிரிட்ஜ், பரண், மெத்தை என ஆண்டு முழுவதும் ஒதுக்கி வைத்த வேலைகள் அனைத்தும் ஷஅபானின் கடைசிப் பத்து நாட்களில் ஒன்றாகத் தொடங்கும். முதல் சஹருக்கு எழும்போதே வீட்டுப் பெண்கள் இடுப்பு வலியோடு எழுகிறார்கள். இந்த வேலைகளை மாதத்திற்கு ஒன்றாகப் பிரித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. எந்த வேலையை எந்த மாதத்தில் வைப்பது என்பதில்தான் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

நம் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. 2018இல் ரமழான் மே மாதத்தின் நடுவில் தொடங்கியது. அதற்கு முந்திய ஷஅபான் கடுங்கோடையில் அமைந்ததால், மொட்டை மாடியில் விரித்த மெத்தை ஒரே பகலில் காய்ந்தது. 2030ஆம் ஆண்டில் ரமழான் இரு முறை தொடங்கும். இரண்டாவது தொடக்கம் டிசம்பர் இறுதியில் வரும். அதற்குமுன் வரும் ஷஅபான் நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அமையும். விருதுநகர் மாவட்டத்திற்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே. அந்நாட்களில் அலமாரியைக் கழுவினால் பலகை காயாது; காயாத பலகையில் துணியை அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெயிலும் காற்றும் தேவைப்படும் வேலைகளைச் சூரிய மாதத்தில் நிறுத்திவிட வேண்டும். நோன்போடும் பெருநாளோடும் சேர்ந்த வேலையை மட்டும் பிறையோடு நகரவிட வேண்டும்.

முதலில் அலமாரி. அதற்கு ஆண்டில் இரண்டு மாதங்கள் போதும்: மழைக்கு முன் செப்டம்பர், மழைக்குப் பின் ஜனவரி. செப்டம்பரில் போர்வை, ஜமுக்காளம், பெருநாள் உடைகள் ஆகியவற்றை ஒரு நாள் வெயிலில் காட்டி மடித்து வைத்தால் போதும். ஜனவரி வேலை சற்றுப் பெரியது. சுவரலமாரியை முழுவதுமாகக் காலி செய்து பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினாலோ, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, மழைநீர் சுவருக்குள் இறங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் துடைப்பதால் பயனில்லை. மூலைகளில் மெல்லிய மண் கோடு தெரிந்தால் அது கரையானின் பாதை. பூஞ்சையை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். அதன் தூள் வீடெங்கும் பரவும். சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே அடுக்குங்கள். பின்சுவருக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பச்சிளங்குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை வேண்டாம். பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும்.

அடுத்தது மின்விசிறி. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பஞ்சுத் தூசி ஆலைத் தொழிலாளர்களின் உடையோடு வீட்டிற்கும் வருகிறது. சமையல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து விசிறி இறக்கையின் முன்விளிம்பில் கம்பளிபோல் படிகிறது. ஆடிக் காற்று புழுதியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே காற்று ஓய்ந்த ஆகஸ்ட் இறுதியில் ஒரு முறையும், கோடைக்கு முன் பிப்ரவரியில் ஒரு முறையும் துடைக்கலாம். சுவிட்சை மட்டுமன்று, மெயினையும் அணைத்துவிட்டு ஏறுங்கள். பழைய தலையணை உறையை இறக்கையின்மேல் மாட்டி, இரு பக்கமும் மெல்ல அழுத்தி வெளியே இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். பிறகு சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். நடுவிலுள்ள மோட்டாரில் நீர் படக்கூடாது. ஒரு கையால் இறக்கையின் அடியைத் தாங்கிக்கொண்டு துடைப்பது முக்கியம். துடைத்த பின் விசிறி முன்பில்லாத ஆட்டம் ஆடினால், இறக்கை வளைந்திருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் அதன் கீழ் உறங்கக் கூடாது.

பிறையோடு நகர வேண்டியது ஃபிரிட்ஜ். ஷஅபானின் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு முறை அதைச் சுத்தம் செய்வது கடமைபோல் இருக்கட்டும். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதங்கள் உண்டு. எஞ்சிய ஒன்பது மாதங்களில் இன்னும் இரண்டு முறை சேர்த்துக்கொண்டால், ஆண்டுக்கு நான்கு முறை ஆகிவிடும்.

ஒரு கதவுள்ள ஃபிரிட்ஜில் பனிக்கட்டி அரை சென்டிமீட்டர் அளவு தடித்தால் உருக்கிவிட வேண்டும். மின்சாரத்தை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். கத்தியால் பெயர்க்கவே கூடாது. உறைபெட்டியின் தகட்டுக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. ஒரு சிறு துளை விழுந்தாலும் வாயு வெளியேறிவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உட்பக்கத்தைத் துடைக்கலாம். கதவின் ரப்பர் மடிப்பைத் துடைத்த பின் ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியேறுகிறது. பின்புறம் மோட்டாருக்கு மேலுள்ள நீர்த் தட்டைப் பலரும் மறந்துவிடுகிறோம். காரணம் தெரியாத வாடையும் கொசுவும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் காலி செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு தணியாத இறைச்சியை நிறைந்த ஃபிரிட்ஜில் திணித்தால் உட்புற வெப்பம் உயர்கிறது. நான்கு டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நின்றால் இறைச்சி மட்டுமல்ல, அருகிலிருக்கும் பாலும் பால்கோவாவும் கெடும். இடம் விட்டு, அரைக் கிலோப் பொட்டலங்களாகத் தட்டையாக வைத்தால் விரைவில் உறையும்.

இனி, நினைவூட்டல். ஆண்டுத் தொடக்கத்தில் சுவரில் மாட்டும் தினசரி நாட்காட்டியில், ஒவ்வொரு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைத் தாளிலும் அம்மாத வேலையைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். தாளைக் கிழிப்பவர் கண்ணில் அது தானாகவே படும். ஹிஜ்ரி மாதம் பிறை பார்த்தே உறுதியாவதால், ஃபிரிட்ஜ் வேலையை மட்டும் ஒரு வாரம் முன்னதாக எழுதுங்கள். வேலைக்குப் பக்கத்தில் ஒருவரின் பெயரும் இருக்கட்டும். அது ஒவ்வொரு முறையும் அம்மாவின் பெயராக இருக்க வேண்டாம். விசிறிக்கு அத்தாவும் மகனும், அலமாரிக்கு அவரவர் தட்டு அவரவருக்கு. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பின் வழியே நாம் அறிவோம். அந்த மாதம் தவறினால் கடிந்துகொள்ளாமல், பென்சில் எழுத்தை அடுத்த வெள்ளிக்கு மாற்றுங்கள். ஆனால் அலமாரியை மட்டும் அக்டோபருக்குத் தள்ளாதீர்கள். மழை நமக்காகக் காத்திருக்காது.

இப்படிப் பிரித்தால் ஷஅபானின் கடைசி வாரத்தில் மிஞ்சுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அது ஒரு முற்பகல் வேலை. இன்ஷா அல்லாஹ், முதல் தராவீஹுக்கு வீட்டுப் பெண்களும் களைப்பின்றி நிற்கலாம்.