வேங்கைவயல்: குற்றச்சாட்டை மூட்டையாகக் கட்டாதீர்கள், பிரித்து எழுதுங்கள்

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்கள் குடித்துவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே ஊர் தலித் இளைஞர்கள். தனிப்பட்ட பகையே காரணம் என்று அரசு உயர்நீதிமன்றத்தில் சொன்னது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

மலத்தைக் கலந்தது யார் என்ற கேள்வியை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு குற்றச்சாட்டு நம் கையில் இருக்கிறது. அது விசாரித்தவர்கள் மீதானது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. அந்தக் கடமைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. ஆனால் நம் மனுக்கள் எப்படி இருக்கின்றன? 'அதிகாரிகள் சாதிய நோக்கோடு, மெத்தனமாக, ஒருதலைப்பட்சமாகச் செயல்பட்டனர். நடவடிக்கை எடுக்க வேண்டும்.' ஒரே வாக்கியத்தில் மூன்று குற்றச்சாட்டு, ஒன்றுக்கும் தேதி இல்லை. இதைத் தள்ளுபடி செய்ய விசாரணை அதிகாரிக்கும் ஒரே வாக்கியம் போதும்.

அரசு தன் ஊழியர் மீது 17பி குறிப்பாணை கொடுக்கும்போது இப்படி எழுத முடியாது. குற்றச்சாட்டு திட்டவட்டமாக இருக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் அடிப்படையான செய்திகள் தனியே இணைக்கப்பட வேண்டும். 1970இல் சுரத் சந்திர சக்கரவர்த்தி வழக்கில், விவரமில்லாத மொட்டைக் குற்றச்சாட்டுகளை வைத்துச் செய்த பணிநீக்கத்தை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. அதாவது, மொட்டையாக எழுதினால் தப்பிப்பது அதிகாரிதான்.

வேங்கைவயலுக்கு எழுதிப் பார்ப்போம். 4(2)(இ) பிரிவு இரண்டு கடமைகளைச் சொல்கிறது: 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் எழுத்தில் விளக்க வேண்டும். இவை இரண்டு தனிக் குற்றச்சாட்டுகள்.

குற்றச்சாட்டு 1: இன்ன பதவியில் இருந்த இன்னார், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. செய்திகள்: வழக்கு பதிவான தேதி, 60ஆம் நாள் விழும் தேதி (2023 பிப்ரவரி இறுதி), தாக்கலான தேதி. சுமார் 25 மாதம். ஆவணம்: முதல் தகவல் அறிக்கை, நீதிமன்ற முத்திரையுள்ள குற்றப்பத்திரிகை நகல்.

குற்றச்சாட்டு 2: தாமதத்துக்கு எழுத்துப்பூர்வ விளக்கம் தரவில்லை. விளக்கம் கேட்டு மனுச் செய்யுங்கள். அப்படி ஒன்று இல்லையென்று வரும் பதில்தான் இதற்கு ஆவணம். விளக்கம் இருந்தால் இந்தக் குற்றச்சாட்டை எழுதாதீர்கள். அந்த விளக்கத்தை முதல் குற்றச்சாட்டின் கீழ் வைத்து வரிவரியாகக் கேள்வி கேளுங்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? 'டிஎன்ஏ பரிசோதனைக்கு நாளானது' என்று அவர்கள் சொல்வார்கள். அது முதல் குற்றச்சாட்டுக்குப் பதிலாகலாம். எழுதித் தராததற்குப் பதிலாகாது. ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

ஆளையும் பிரிக்க வேண்டும். வழக்கை முதலில் பதிவு செய்தது வெள்ளனூர் காவல் நிலையம். 2023 ஜனவரி நடுவில் அது சிபிசிஐடிக்கு மாறியது. மாவட்டக் காவல்துறையின் கையில் வழக்கு இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. அவர்கள் மீது 60 நாள் குற்றச்சாட்டைப் போட்டால் முதல் விசாரணையிலேயே உடையும். 60ஆம் நாளன்று கோப்பு யாரிடம் இருந்ததோ அவர் மீதும், பின்னால் பொறுப்பேற்றவர்கள் மீது அவரவர் காலத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டும். அந்த அதிகாரி தலித்தோ பழங்குடியோ இல்லை என்பதையும் ஒரு செய்தியாகச் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் மீது 4ஆம் பிரிவு பாயாது.

'சாதிய நோக்கு' என்பதைக் குற்றச்சாட்டுக்குள் திணிக்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எழுதியதை நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும். சட்டம் கேட்பது 'வேண்டுமென்றே' என்பதை மட்டும். அதைக் காட்ட, நினைவூட்டி அனுப்பிய மனுக்களின் தேதிகளையும் ஒப்புகைச் சீட்டுகளையும் அடுக்குங்கள். தெரிந்தும் செய்யவில்லை என்பதை அவை சொல்லும்.

'குற்றம் சாட்டப்பட்டவர்களே தலித்துகள், வன்கொடுமைச் சட்டமே பொருந்தாது' என்ற வாதம் வரும். வழக்கு அந்தச் சட்டத்தில் பதிவாகி அந்தச் சட்டத்தில்தான் இரண்டு ஆண்டு விசாரிக்கப்பட்டது. கடமை தவறியது அந்தக் காலத்தில். யார் குற்றவாளி என்று பின்னால் முடிவு செய்ததால் முன்னால் தவறிய கடமை அழிந்துவிடாது என்பதே நம் வாதம்.

4ஆம் பிரிவில் வழக்கு போட, முதலில் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்தால் அங்கேயே கிடக்கும். மாவட்ட ஆட்சியரிடமும், அவர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவிடமும் நிர்வாக விசாரணை கேட்டுக் கொடுங்கள். குற்றச்சாட்டு 1, குற்றச்சாட்டு 2 என்று எண் போட்டே கொடுங்கள். பதிலையும் எண்வாரியாகக் கேளுங்கள். எந்த எண்ணுக்குப் பதில் இல்லையோ, உயர்நீதிமன்றத்துக்கு அந்த எண்ணோடு போவோம்.