இரவில் ஓட வேண்டியது பகலில் ஓடினால்

காலை ஒன்பதரைக்கு இணையம் படுத்துவிட்டால், கிளை அலுவலகத்தில் எல்லோரும் முதலில் குறை சொல்வது இணைப்புக் கொடுத்த கம்பனியைத்தான். பல வேளைகளில் காரணம் மூலையில் இருக்கும் கணினியில் இருக்கிறது. நேற்றிரவே தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கணக்குப் பிரதியை அது இப்போதுதான் அனுப்பிக்கொண்டிருக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கடன் சங்கக் கிளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைப்பு பழைய செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல். இறங்குவதற்கு வேகம் போதும். ஏற்றுவதற்கோ விநாடிக்கு 1 மெகாபிட்தான், அதாவது நடைமுறையில் சுமார் 110 கிலோபைட். தினமும் அனுப்ப வேண்டியது 2 ஜிகாபைட். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் அதிகாலை மூன்றரைக்குள் முடிந்துவிடும். காகிதத்தில் இது நல்ல திட்டம்.

ஆனால் அது இரவு முழுவதும் கரண்ட் இருக்கும் என்று நம்பிப் போட்ட திட்டம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலம் போய்விட்டாலும் மாரி மழையில் மின்சாரம் போவது இன்னும் நிற்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கணினி நின்றிருந்தால் வேலை தொடங்காமலே போய்விடும். விண்டோஸ் பணி அட்டவணையில் "Run task as soon as possible after a scheduled start is missed" என்ற தெரிவைப் போட்டிருந்தால், காலையில் கணினியைப் போட்ட சற்று நேரத்தில் தவறவிட்ட வேலை தொடங்கும். பிரதி தவறக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தெரிவைப் போடுகிறோம். கடன் விண்ணப்பங்களோடு ஆட்கள் வந்து நிற்கும் நேரத்தில் முழு வழியையும் அடைத்துக்கொள்வதும் அதுதான்.

ஏற்றுவது மட்டும்தானே நடக்கிறது, இறங்கும் பக்கம் ஏன் தடைப்படுகிறது என்று கேட்பார்கள். இறங்கும் தரவு வந்துசேர்ந்ததென்று சிறு சிறு பதில்கள் திரும்பிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரவுட்டரில் 256 கிலோபைட் வரிசையில் காத்து நின்றால், அந்தப் பதில் வெளியேறவே இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்கும். பதில் வராதவரை மறுபக்கம் அடுத்ததை அனுப்பத் தயங்கும். `ping 8.8.8.8` என்று போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்: வழக்கமாக 50 மில்லிவிநாடியில் வரும் விடை, 2000 என்று வரும். ஏற்றத்தை நிறுத்தியதும் மறுபடி 50க்கு இறங்கினால் கம்பனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே நேரத்தைக் குறித்தால் மட்டும் போதாது. அந்த வேலை பகலில் ஓட நேர்ந்தாலும் யாருக்கும் தெரியாதபடி ஓட, வேகத்துக்கும் வரம்பு வேண்டும். rclone பயன்படுத்துபவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
rclone copy D:\backup thalaimai:backup --bwlimit "07:30,40k 18:00,off"
```

காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை விநாடிக்கு 40 கிலோபைட், பிறகு கட்டுப்பாடில்லை. வேலை பாதியில் இருந்தாலும் நேரம் வந்ததும் வரம்பு தானே மாறும். 40 என்பது அற்பமாகத் தெரியலாம். எட்டு மணி நேரத்தில் அது 1.1 ஜிகாபைட்டை அனுப்பிவிடும், பாதிக்கு மேல்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை அலகில். rclone கேட்பது பைட், இணைப்பின் வேகத்தைச் சொல்வது பிட். 1000 கிலோபிட் வழியில் 400ஐக் கொடுப்போம் என்று எண்ணி 400k என்று எழுதுபவர், வழியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் அனுமதி கொடுத்துவிடுகிறார். கட்டளை பிழை காட்டாது, இணையமும் சீராகாது. இன்னொன்று, பாதியில் அறுந்த கோப்பை rclone மறுமுறை தொடக்கத்திலிருந்தே அனுப்பும். கரண்ட் போய் வரும் இடத்தில் 2 ஜிகாபைட்டை ஒரே கோப்பாக வைப்பது வீண். 50 மெகாபைட் துண்டுகளாக வெட்டினால், 40 கிலோபைட் வேகத்திலும் ஒரு துண்டுக்கு இருபத்தோரு நிமிடம்தான். இழப்பதும் அவ்வளவுதான்.

இந்த வரம்பு அந்த ஒரு நிரலை மட்டுமே கட்டுப்படுத்தும். ஊழியரின் கைபேசி படங்களை ஏற்றினால் அதைத் தடுக்காது. அதற்கு ரவுட்டரிலேயே வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி வேண்டும். ஃபைபர் வந்த கிளைகளில் சிக்கல் பெரிதும் குறையும். 4ஜியில் ஓடும் கிளையிலோ ஏற்ற வேகம் பகலில் இறங்கும், இரவில் ஏறும். நள்ளிரவில் அளந்து வரம்பு வைத்தால் காலை பதினொரு மணிக்கு அது உதவாது.

இதையெல்லாம் கிளையில் இருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. "இரவில் அனுப்பவும்" என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பும் தலைமை அலுவலகம், ஒவ்வொரு கிளையிலும் வேலை நாளொன்றில் காலை பதினொரு மணிக்கு ஏற்ற வேகத்தை அளந்து, அதில் மூன்றிலொரு பங்கைப் பகல் வரம்பாக எழுதிக் கொடுக்க வேண்டும். இணைப்பு மாறும்போது அந்த எண்ணையும் மாற்ற வேண்டும்.