பெட்டி எங்கே உட்காருகிறது?

விடியுமுன்பே தாராவியிலிருந்து இட்லி புறப்பட்டுவிடும். அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் வடையும், தூக்கில் சாம்பாரும் சட்டினியுமாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பும் தமிழர்களை மும்பை பல பத்தாண்டுகளாக அறியும். இப்போது அந்தச் சுமையில் ஒரு பங்கு ஸ்கூட்டருக்கு மாறிவிட்டது. மாட்டுங்காவிலிருந்து பலகாரமும், செம்பூரிலிருந்து வீட்டுச் சாப்பாடும் டாப் பாக்ஸில் போகின்றன. அந்த வண்டிகள் பட்டறைக்கு வரும்போது அடிக்கடி கேட்கிற புகார் இது: "பாக்ஸ் மாட்டினதுலேர்ந்து ஹேண்டில் ஆடுது அண்ணாச்சி."

உடனே ஹேண்டில் கோன்செட்டை இறுக்குகிறோம், பால்ரேஸை மாற்றுகிறோம். மறுவாரம் அதே வண்டி அதே ஆட்டத்தோடு திரும்பி வருகிறது. கோளாறு முன்னால் இல்லை, பின்னால் பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆக்டிவா 6ஜி-யின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1,260 மி.மீ. பெட்டியும் சரக்குமாக 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நடு, பின் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் தொங்குகிறது. அப்போது பின்சக்கரத்தில் ஏறுவது 20 கிலோ அல்ல, 24 கிலோ. அந்த மிச்ச 4 கிலோ முன்சக்கரத்திலிருந்து குறைகிறது. அதே பெட்டியைப் பில்லியன் சீட்டின் மேல், பின் அச்சுக்கு நேராக வைத்தால் முன்சக்கரம் எதையும் இழக்காது.

4 கிலோ பெரிதா என்று கேட்கலாம். அது மட்டும் என்றால் பெரிதல்ல. ஆனால் பெட்டி தொங்குகிற கேரியர் மெல்லிய தகடாக இருந்தால், வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது பெட்டி ஒரு கணம் பின்தங்கி, பிறகு வேகமாக வந்து சேர்கிறது. அந்த உதறலைத்தான் ஓட்டுபவர் ஹேண்டிலில் உணர்கிறார். கண்டுபிடிப்பது எளிது. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளட்டும். வண்டி அசையாமல் பெட்டி மட்டும் அசைந்தால் கேரியர்தான் குற்றவாளி.

தீர்வுக்கு எப்போதும் புதுக் கேரியர் வேண்டியதில்லை, சுமையைப் பிரித்தாலே பாதி சரியாகும். அந்த 20 கிலோவில் சாம்பார் கேன் மட்டும் 10 கிலோ இருக்கும். அதை மூடி இறுக்கி, ஃபுட்போர்டில், இரு அச்சுகளுக்கும் நடுவில் கட்டினால் முன்னுக்கு 5, பின்னுக்கு 5. மிச்ச 10 கிலோ பெட்டியிலேயே இருந்தால் முன்சக்கரம் 2 கிலோ இழக்கும், பின்சக்கரம் 12 ஏற்கும். கூட்டினால் முன்னுக்கு 3 கிலோ கூடுதல், பின்னுக்கு 17. எடை அதேதான், வண்டி வேறு வண்டிபோல் நடக்கும். கேன் கால் வைக்கவும் ஹேண்டில் முழுதாகத் திரும்பவும் இடம் விட்டிருக்க வேண்டும். பாதி நிரம்பிய கேன் வளைவில் அலைமோதும் என்பதால், இரண்டு சிறு கேன்களில் தளும்பத் தளும்ப நிரப்புவது நல்லது.

எடை எல்லையில் ஒரு குழப்பம் தொடர்கிறது. மேனுவலில் இருக்கும் சுமையளவு ஓட்டுபவரையும் சேர்த்தது. டிவிஎஸ் எக்ஸ்எல்100-க்கு 130 கிலோ என்றால், 70 கிலோ ஆள் ஏறியபின் கேரியர், பெட்டி, சரக்கு எல்லாவற்றுக்குமாக 60 கிலோதான் மிச்சம். அதற்காக அந்த 60-ஐயும் கேரியரில் ஏற்றக் கூடாது. கேரியருக்கும் பெட்டிக்கும் தனித்தனி எல்லை உண்டு, பெட்டியின் ஸ்டிக்கரில் அது சில கிலோக்களாகவே இருக்கும். மூன்றில் எது குறைவோ அதுவே கணக்கு. பெட்டியின் அளவுக்கு 2020-ல் மத்திய அரசு வரம்பு வைத்தது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. பில்லியன் இடத்தில் பெட்டி வைத்தால் இன்னொருவரை ஏற்றக் கூடாது.

மாட்டும்போது கிராப் ரெயிலின் துளைகளை மட்டும் நம்பாமல், சேஸிஸோடு சேரும் போல்ட்டுகளில் கேரியரைப் பிடிக்க வேண்டும். அகலமான வாஷரும் நைலாக் நட்டும் போட்டு, முதல் வாரம் முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. பின் டயரில் இருவருக்கான காற்றழுத்தம், ஷாக் அப்சார்பரில் ஒரு படி கூடுதல். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறி நிமிர்ந்து நின்று, லேசாகப் பட்டாலே மறுபக்கம் சாயும்.

மும்பையின் பேவர் பிளாக் சாலைகளில் தினமும் குலுங்கும் கேரியர் ஒரே நாளில் உடைவதில்லை. வெல்டிங் ஓரத்தில் பெயிண்டில் மயிரிழை விரிசல் விழும். மழைக்காலத்தில் அந்தக் கோட்டிலிருந்து பழுப்பாகத் துரு வழியும். துளை வட்டம் மாறி முட்டை வடிவமாகும். சர்வீஸுக்கு வரும் வண்டியில் பெட்டியைக் கழற்றி, துணியால் துடைத்து, டார்ச் அடித்து அந்த ஓரத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். துருக்கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டிங் வைத்து அனுப்பக் கூடாது. விரிசல் வெல்டிங்கை ஒட்டி அடுத்த இடத்தில் திறக்கும். கேரியரையே மாற்ற வேண்டும்.