90 விநாடி, ஒரே ஒரு வாதம்!

லிங்க்ட்இன் தளத்தில் வேலை தேடுபவர்களைவிட இப்போது பேசுபவர்கள் அதிகமாகிவிட்டார்களோ என்று தோன்றும். கேமராவைப் பார்த்து, தன் துறையைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லும் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சில வீடியோக்களைப் பார்த்தால், 'இவரிடம் பேச வேண்டும்' என்று தோன்றுகிறது. பலவற்றை மூன்றாவது விநாடியில் விரல் தள்ளிவிடுகிறது. இந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் மேலாளர் ஒருவர் இப்படி வீடியோ போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 வருட அனுபவம். சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதுதான் அவருடைய முதல் பிரச்னையும்கூட.

அவர் முதலில் எழுதிய தலைப்பு, 'ஏற்றுமதியில் தரத்தின் முக்கியத்துவம்'. இது வெறும் தலைப்பு, வாதம் இல்லை. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. 'இல்லை, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்று அந்தத் துறையில் இருக்கும் ஒருவராவது சொல்ல முடிய வேண்டும். 'தரம் முக்கியம்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் யாரும் நின்று கேட்கப் போவதும் இல்லை.

'கடைசியில் செய்யும் பரிசோதனையை மட்டும் நம்பினால், தரம் கூடாது, செலவுதான் கூடும்.' இது வாதம். 'அப்படியென்றால் கடைசிப் பரிசோதனை வேண்டாம் என்கிறீர்களா?' என்று சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. கருத்து புதிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பரிசோதனையை நம்பித் தரத்தை உண்டாக்க முடியாது என்று டெமிங் என்ற அமெரிக்கர் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆனால், அதற்கான சாட்சி நம்முடைய தையல் லைனிலிருந்து வர வேண்டும்.

அடுத்தது முதல் வரி. 'வணக்கம், என் பெயர் இன்னார், இந்த நிறுவனத்தில்...' என்று ஆரம்பிப்பதுதான் பழக்கம். ஆனால், பெயரும் பதவியும் வீடியோவுக்கு மேலேயே இருக்கின்றன. திரையில் இருப்பதையே வாயால் சொல்லும்போது விலைமதிப்பான விநாடிகள் போய்விடுகின்றன.

அவர் யோசித்த இரண்டாவது வரி: 'டெய்லர்களின் அலட்சியத்தால் லட்சக்கணக்கில் நஷ்டம்!' காரசாரமான வரிதான். ஆனால், அவர் சொல்லப்போகும் சம்பவத்தில் தப்பு டெய்லர்மேல் இல்லை; தேய்ந்துபோன ஊசிமேல். முதல் வரி ஒன்று சொல்லி, வீடியோ வேறொன்று சொன்னால் பார்ப்பவருக்கு ஏமாற்றம். அதைவிட, மறுநாள் காலையில் அதே டெய்லர்களின் முகத்தில் அவர் விழிக்க வேண்டும். அந்த வீடியோ அவர்களின் போனுக்கும் வரும்.

மூன்றாவதாக எழுதிய வரி இது: 'பெட்டி கட்டின பிறகு கண்டுபிடிக்கிற தையல் பிழைக்கு, நாம ரெண்டு தடவை கூலி கொடுக்கிறோம்.'

இந்த வரியில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். கண்ணில் தெரியும் பொருள் ஒன்று: பெட்டி. பணம் இருக்கிறது. 'எப்படி ரெண்டு தடவை?' என்ற கேள்வியும் தானாக எழுகிறது. கேள்வியாகக் கேட்காமலேயே கேட்க வைக்கிறது. வாதத்தின் விளைவும் இதுதான் என்பதால், பதில் சொன்னாலே வாதம் முடிந்துவிடும்.

பதிலை அவர் ஒரே உதாரணத்தில் சொல்கிறார். 5,000 டி-ஷர்ட் ஆர்டர். காலை 9 மணிக்கு ஒரு மெஷினில் ஊசி முனை தேய்ந்து, தோள்பட்டைத் தையலில் இடையிடையே தையல் விட்டுப்போகிறது. 10 மணிக்குப் பார்த்திருந்தால் ஊசியை மாற்றிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் அந்த மெஷினில் தைத்ததை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம். அயர்ன் செய்து, மடித்து, கவரில் போட்டுப் பெட்டி கட்டிய பிறகு தெரிந்தால்? எந்தப் பெட்டியில் எந்த பீஸ் என்று தெரியாது. எல்லாவற்றையும் திறக்க வேண்டும். பிரித்துத் தைக்க, மறுபடி அயர்ன் செய்ய, மறுபடி மடிக்க, மறுபடி கூலி.

வர இருக்கும் எதிர்ப்பை அவரே எடுத்துச் சொல்கிறார். 'கடைசிப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. பையர் கேட்பார். ஆனால், பிழையை முதன்முதலாகப் பார்க்கும் இடம் அதுவாக இருக்கக் கூடாது.' தன் வாதத்தின் எல்லையைச் சொல்பவரைத்தான் துறைக்காரர்கள் நம்புவார்கள். முடிவில் செய்யக்கூடிய ஒன்று: 'நாளைக்கு ஒரு லைன்ல மட்டும், மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு மெஷின்லேயும் சில பீஸ் எடுத்துப் பாருங்க.' அவ்வளவுதான். துணிச் சுருக்கம், சாயம், பட்டன் எல்லாம் வேறு வீடியோக்கள்.

எழுதியதை வாய்விட்டுப் படித்து, நேரம் பார்த்தார். இரண்டரை நிமிடம் வந்தது. வாதத்துக்கு உதவாத வரிகளை எடுத்ததும் 90 விநாடிக்குள் அடங்கியது. முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடம். நடுவில் 'ஊசி, பெட்டி, பையர்' என்று மூன்று சொற்களை நினைவில் வைத்தால் போதும்.

படம் பிடிக்க போன் போதும். கண் உயரத்தில் நிற்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும். திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்க்காமல், லென்ஸைப் பார்த்துப் பேச வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு, சட்டையில் மாட்டும் சின்ன மைக் வைத்தால் நல்லது. பின்னணியில் பையரின் லேபிளோ, ஆர்டர் ஷீட்டோ தெரியக் கூடாது. நிறுவனத்துக்குள் எடுப்பதானால் முன்அனுமதி அவசியம்.

எடுத்த பிறகு, பட்டனை அழுத்திவிட்டு உட்காரும் காட்சியையும், பேசத் தொடங்கும் முன் இழுக்கும் மூச்சையும் வெட்டிவிடுங்கள். முதல் நொடியிலேயே முதல் சொல் வர வேண்டும். பலர் வரிசையில் ஓடும் வீடியோவைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். அதனால் பேசுவது எழுத்தாகவும் ஓட வேண்டும். தானாக வரும் எழுத்தை அப்படியே விடாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் 'பையர்' என்பது 'பயிர்' ஆகிவிடலாம்!

பதிவிடும் முன் கடைசிப் பரிசோதனை, வீட்டில். துறை தெரியாத ஒருவருக்கு ஒருமுறை போட்டுக்காட்டி, 'என்ன சொல்லியிருக்கேன்?' என்று கேட்க வேண்டும். 'ஏதோ கம்பெனி தரத்தைப் பத்தி' என்று வந்தால், வாதம் போய்ச் சேரவில்லை. 'சீக்கிரமே பார்த்துட்டா ரெண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம்' என்று முழு வாக்கியமாக வந்தால் பதிவிடலாம்.

பதிவிட்ட பிறகு லைக் எண்ணிக்கையைவிடக் கமென்ட்டுகளைப் படிப்பது நல்லது. 'அருமை சார்' என்று மட்டும் வந்தால், பழகியவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். 'எங்க யூனிட்ல இதைச் செய்து பார்த்தோம், ஆள் பத்தலை, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?' என்று ஒருவர் கேட்டிருந்தால், வாதம் சரியான ஆளிடம் போயிருக்கிறது. அடுத்த வீடியோவுக்கான விஷயமும் அதிலேயே இருக்கிறது.