500 எங்கிருந்து வந்தது?

பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவில் மனப்பாட உரை பிசிறில்லாமல் ஓடுகிறது. கடைசி ஸ்லைடில் ‘வரம்புகள்’ என்று தலைப்பு, அதன் கீழே, “வருங்காலத்தில் மொபைல் ஆப் சேர்ப்போம்.” குறையைக் கேட்டால் ஆசையைச் சொல்கிறார்கள். தேர்வாளர்களும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்ட ஒரு ப்ராஜெக்ட் போதும்.

தானியங்கி நீர்ப்பாசனம், மாணவர்கள் அலுக்காமல் எடுக்கும் தலைப்பு. மண்ணில் குத்திய இரு உலோகக் கால்களுக்கு இடையிலான மின்தடையைச் சென்சார் அளக்கிறது. ஆர்டுயினோ யூனோ அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தருகிறது. வழக்கமான இணைப்பில், மண் காயக் காய எண் ஏறும். 500-ஐத் தாண்டினால் மோட்டார் ஓடும் என்கிறது உரை. ஏன் 500 என்று கேட்டால் அறை அமைதியாகிவிடுகிறது. அந்த எண் மாதிரி நிரலோடு வந்தது. அல்லது ப்ராஜெக்ட் சென்டர்காரர் கொடுத்தது.

அந்த எண்ணை நம்பித் தோட்டத்தில் வைத்தால் இரண்டு விதமாகக் கெடும். உரமிட்ட மண்ணில் உப்பு கூடுவதால் மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ந்த மண்ணும் ஈரம்போலக் காட்டும். மோட்டார் ஓடாது, பயிர் வாடும். இன்னொரு பக்கம், இடைவிடாமல் பாயும் நேர்திசை மின்சாரம் சென்சாரின் கால்களை அரிக்கும். அரிக்கப்பட்ட கால், ஈர மண்ணையும் காய்ந்ததாகக் காட்டும். மோட்டார் நிற்காது, வேர் அழுகும். மேசைமேல் தண்ணீர் டம்ளரில் சென்சாரை முக்கிக் காட்டும் டெமோவில் இவை இரண்டும் தெரியாது.

தெரிந்து செய்த மாணவரின் உரை வேறு மாதிரி இருக்கும்: “எங்கள் கல்லூரிச் செம்மண்ணில் ஐந்து ஈர நிலைகளில் அளவெடுத்தோம். ஒவ்வொரு மாதிரியையும் எடை பார்த்து, ஓவனில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை பார்த்து உண்மையான ஈரத்தைக் கண்டோம். அதிலிருந்து வந்ததே எங்கள் எண். மோட்டார் அடிக்கடி விட்டுவிட்டு ஓடாமலிருக்க, தொடங்க ஓர் எண்ணும் நிற்க வேறோர் எண்ணும் வைத்தோம். அரிப்பைக் குறைக்க, அளக்கும் நேரத்தில் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் தருகிறோம். களிமண்ணுக்கு இந்த எண்கள் பொருந்தாது. உரமிட்ட மண்ணில் நாங்கள் சோதிக்கவில்லை.”

கடைசி வாக்கியத்துக்கு இன்று மதிப்பெண் குறைகிறது. ‘சோதிக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்பவர் தோற்றவராகத் தெரிகிறார்; மொபைல் ஆப் பேசுபவர் தேறிவிடுகிறார். இதைத் தலைகீழாக்கும் அதிகாரம் தேர்வாளர்களிடமே இருக்கிறது. ஸ்லைடைப் பார்க்கும் முன் அளவெடுத்த நோட்டைக் கேளுங்கள். உரையில் வரும் ஓர் எண்ணைச் சுட்டி, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எங்கே கெடும் என்று சொல்லத் தெரியாத கருவிக்குத் தேர்ச்சி தராதீர்கள். இங்கே வாடுவது ஒரு செடிதான். இதே மாணவர் நாளை மருத்துவக் கருவிக்கும் ஓர் எண்ணை எழுதுவார்.