படிக்கட்டில் சாவது யார் குற்றம்?

கூட்டத்தில் ஆள் செத்தால் அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை." இது பொய்.

2017 செப்டம்பர் 29 காலை, மும்பை எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன். மழைக்கு ஒதுங்கியவர்கள் நடைமேம்பாலத்தின் படியிலே நின்றார்கள். ரயிலில் வந்திறங்கியவர்கள் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். 23 பேர் மாண்டார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு, புதுடெல்லி ஸ்டேஷன். கும்பமேளாவுக்குக் கிளம்பியவர்களில் 18 பேர் மாண்டார்கள். படியில் ஒருவரின் தலைச்சுமை விழுந்ததுதான் காரணம் என்றார் ரயில்வே மந்திரி. மூட்டை விழுந்தால் 18 உயிர் போகுமா? படி முன்பே நிரம்பியிருந்தால் போகும். அதை நிரம்பவிட்டது யார்?

இது பெருநகரத்துச் சங்கதி அல்ல. காவேரிப்பாக்கத்துக்காரர் வாலாஜா ரோடு போய் ரயிலேறுகிறார். 1856-ல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடம் அது. இத்தகைய சிறு ஸ்டேஷனைத் திருத்திக் கட்டும்போது, முகப்பு அலங்காரத்துக்கு முன் படியின் கணக்கைக் கேட்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் அகலப் படியில் நிமிஷத்துக்குச் சுமார் 30 பேர் நெருக்கடியின்றிப் போகலாம். படி 2 மீட்டர் என்று வையுங்கள். 300 பேர் இறங்கினால் அவர்கள் கடக்க 5 நிமிஷம். எதிரே ஏறுகிறவர்கள் பாதியைப் பிடித்துக்கொண்டால் 10 நிமிஷம். அதற்குள் அடுத்த வண்டி வந்தால் கூட்டம் தேங்கும். தோளோடு தோள் ஒட்டி, கையைத் தூக்க முடியாமல், தள்ளாமலே உடல் அசைந்தால் ஆபத்து வந்துவிட்டது என்று அறியுங்கள்.

ஆகவே படியின் வாயில் எதுவும் நிற்கக் கூடாது. ஒரு டிக்கெட்டுக்கு அரை நிமிஷம் என்றால், ஒரு ஜன்னலில் 20 நிமிஷத்தில் 40 பேருக்குத்தான் டிக்கெட். மற்றவர்களின் வரிசை வழியை மறிக்காமல் பக்கவாட்டில் போக இடம் வேண்டும். டீக்கடையும் தள்ளியே இருக்க வேண்டும்.

நிழல் இன்னும் முக்கியம். கூரையும் பெஞ்சும் படியருகே மட்டும் இருந்தால், வேலூர் வெயிலில் ஜனங்கள் அங்கேதான் நிற்பார்கள், மழையிலும் அப்படியே. பிளாட்பாரம் நெடுகக் கூரையும் பெஞ்சும் குடிநீரும் இருந்தால் கூட்டம் தானே பரவி நிற்கும். கைக்குழந்தைக்காரிக்குச் செய்யும் வசதியே நெரிசலுக்குத் தடுப்பு.

கடைசி நிமிஷத்தில் பிளாட்பாரத்தை மாற்றினால் இந்த ஏற்பாடு எல்லாம் வீண். எல்லோரும் ஒரே படிக்கு ஓடுவார்கள். மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால், ஜனங்கள் கடக்கும் வரை வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும்.

எல்பின்ஸ்டன் ரோட்டில் 23 பேர் செத்த பிறகு, 2018 பிப்ரவரியில் ராணுவம் புதுப் பாலம் கட்டித் திறந்தது. ஐந்தே மாதத்தில் முடிந்த வேலை. முன்பே செய்ய முடியாததா அது?