மதுரைச் சாலையில் எந்தப் பை போகும்?

வானொலியில் குப்பை, மறுபயனீடு என்று எதைப் பற்றிப் பேசினாலும், நேயர் ஒருவராவது கேட்கும் கேள்வி இது: “இந்தியாவில் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடுகிறார்களே, நாமும் அப்படிச் செய்யலாமே?” தேக்கா சந்தையில் காய்கறியும் மீனும் வாங்கித் திரும்பும்போது கையில் எத்தனை பைகள் சேர்கின்றன என்று பார்த்தால், கேள்வி நியாயமானதுதான். அதனால் அந்தச் சாலையை எப்படிப் போடுகிறார்கள் என்று படித்துப் பார்த்தேன்.

இதற்கு வழி கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன். 2002ல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போடப்பட்டது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியும் செய்யலாம். ஆனால் கலக்குவதை நிறுத்தினால் பிளாஸ்டிக் பிரிந்து மேலே மிதக்கும். வாசுதேவன் தாரை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்தார். ஜல்லியைச் சுமார் 165 பாகைக்குச் சூடாக்கி, சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினார். அரை நிமிடத்தில் அது உருகி, ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய சட்டை போட்டதுபோல் படிகிறது. பிறகுதான் சூடான தார். சட்டை போட்ட கல்லைத் தார் இறுகப் பற்றிக்கொள்ளும், கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் இறங்காது. மழையில் தார் கல்லை விட்டு உரிவதுதான் பள்ளங்களுக்கு முக்கியக் காரணம். கலவையைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, தார் உரிகிறதா என்று பார்த்தே தரத்தைச் சோதிக்கிறார்கள்.

சிக்கலும் அந்த 165 பாகையில்தான் இருக்கிறது. மெல்லிய கைப்பை அதற்கு முன்பே உருகிவிடும். தண்ணீர்ப் போத்தலோ சுமார் 250 பாகையில்தான் உருகும், அதனால் அது கல்லில் ஒட்டாது. குழாய்களிலும் சில விரிப்புகளிலும் உள்ள பிவிசியைச் சூடாக்கினால் நச்சுவாயு வரும், அதைச் சேர்க்கவே கூடாது. ஆய்வகத்தில், சூடான செம்புக் கம்பியில் பிளாஸ்டிக்கை ஒற்றித் தீயில் காட்டுவார்கள். சுடர் பச்சையானால் அது பிவிசியாக இருக்கலாம். வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள். மீன் நீரும் குழம்பும் ஒட்டிய பையைக் கழுவி, காயவைத்துத்தான் நறுக்க முடியும். ஆக, வேலையில் பாதி தார் போடுவதற்கு முன்பே, பிரித்தெடுக்கும் கைகளில் முடிகிறது. அந்தக் கைகளுக்கு யார் கூலி கொடுப்பது என்பதில்தான் பல திட்டங்கள் தடுமாறுகின்றன.

எல்லாம் சரியாக நடந்தாலும், ஒரு சாலை எவ்வளவு பிளாஸ்டிக்கை விழுங்கும்? ஒற்றைத் தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு, மேலடுக்கு மட்டும் போட ஏறத்தாழ 10 டன் தார் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் பிளாஸ்டிக்கால் ஈடுசெய்வார்கள், அதாவது 1 டன். ஒரு பை 3 கிராம் என்றால் மூன்று லட்சம் பைகளுக்கும் மேல். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. சிங்கப்பூரின் சாலைகளைத் தடம் தடமாக நீட்டினால் சுமார் 9,500 கிலோமீட்டர் வரும். அத்தனையையும் ஒரே நேரத்தில் இப்படிப் போட்டாலும் போகும் பிளாஸ்டிக் சுமார் 9,500 டன். 2022ல் நாம் உண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவோ ஏறக்குறைய 10 லட்சம் டன். நூற்றில் ஒன்றுகூட இல்லை! அடுக்கை மூன்று மடங்கு தடிப்பாக்கினாலும் நூற்றில் மூன்றுதான். அதுவும் ஒரு முறைக்கு மட்டும். அடுத்த ஆண்டும் அதே அளவு குப்பை வந்து நிற்கும். அந்த 10 லட்சம் டன்னில் மறுபயனீடு ஆனது 6 விழுக்காடு. மீதி பெரும்பாலும் எரியாலைக்குப் போய், சாம்பலாகச் செமக்காவ் தீவில் சேர்கிறது.

இங்கேயும் முயற்சி நடக்காமல் இல்லை. அழுக்குப் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே பதப்படுத்தி, தாரைப் போன்ற பொருளாக்கும் வேலையில் மெகோரியம் என்ற உள்ளூர் நிறுவனம் இறங்கியிருக்கிறது. பிரிக்கும் கூலி என்ற முடிச்சை அது அவிழ்க்கலாம். ஆனால் சாலை விழுங்கும் அளவு அதனால் பெரிதாக மாறாது. சக்கரங்கள் தேய்க்கத் தேய்க்க நுண்பிளாஸ்டிக் எவ்வளவு கால்வாயில் இறங்கும், பழைய சாலையைச் சுரண்டித் திரும்பச் சூடாக்கும்போது என்ன வெளியேறும் என்பவையும் அளந்து பார்க்க வேண்டியவை.

அதனால் நேயருக்கு என் பதில் இதுதான்: மதுரை முறை நல்ல சாலை போடும் வழி. அதைக் குப்பையைத் தீர்க்கும் வழி என்று எண்ணிக்கொண்டு இன்னொரு பை வாங்கினால், கணக்கு இடிக்கும். 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். அந்தப் பையை வேண்டாம் என்று சொல்பவர் மிச்சப்படுத்துவதைக் கழுவவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், உருக்கவும் வேண்டாம்.